மெக்கானிக் ரெண்டு தடவ அமுக்கிட்டு "ஷாக் போச்சு"ன்னு எப்படி சொல்றாரு? டேம்பிங் ரேஷியோ, ஒரு கார் மூலைய வெச்சு முழுசா

என்கிட்ட ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கு. தெரு முனையில இருக்க ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குனா முன்பக்கம் மூணு தடவ தலைய ஆட்டிட்டுதான் அடங்கும், பக்கத்துல உக்காந்திருக்கவங்க கையில டீ இருந்தா அவ்ளோதான். மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன், அவரு பானெட்ட கூட திறக்கல, முன்னாடி இடது மூலைய உள்ளங்கையால ரெண்டு தடவ அமுக்கி விட்டாரு, வண்டி மேல கீழ ஆடுறத பாத்தாரு, "ஷாக் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வண்டிக்கு போயிட்டாரு.

அவரு அங்க செஞ்சது ஒரு அளவீடு. அதிர்வு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவ்ளோ கொறையுதுன்னு கண்ணாலயே எண்ணிட்டாரு. காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவங்க லாகரித்மிக் டிக்ரிமென்ட்னு பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துடுற விஷயம்தான் அது. இந்த வழிகாட்டியில அதே ஒரு மூலைய எடுத்துக்கிட்டு, கணக்கு போட்டு, ஷாக்குக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துட்டு, கடைசியில போனை வெச்சு நாமளே அளந்து பாக்கலாம்.

முதல்ல மாடல்: ஒரு மாஸ், ஒரு ஸ்பிரிங்

காருக்கு நாலு மூலை. ஒரு மூலைய மட்டும் வெட்டி எடுத்த மாதிரி நெனச்சுக்கோங்க. அந்த மூலையில பாடியோட எடை 250 கிலோ, அதத் தாங்குற ஸ்பிரிங் ஒரு மீட்டர் அமுங்க 16000 நியூட்டன் கேக்குது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 16 நியூட்டன். சின்ன கார்ல இது நடைமுறைக்கு ஒத்துவர்ற நம்பர்தான், கணக்கு சுளுவா வர்ற மாதிரி நான் கொஞ்சம் ரவுண்டு பண்ணியிருக்கேன். ஸ்பிரிங், ஷாக் ரெண்டுக்கும் நான் சொல்றது சக்கரத்துக்கு நேரா நின்னு பாத்தா தெரியுற மதிப்பு. சாய்வா மாட்டியிருந்தா அசல் பாகத்தோட நம்பர் வேற வரும், இப்போதைக்கு அதுக்குள்ள போக வேணாம்.

இப்போ ஷாக்க கழட்டி வெச்சுட்டதா நெனச்சுக்கோங்க. பாடிய அமுக்கி விட்டா ஸ்பிரிங் மேல தள்ளும், பாடி நடு எடத்துக்கு வரும்போது வேகம் எடுத்திருக்கும், அதனால அங்க நிக்காம தாண்டி மேல போகும், ஸ்பிரிங் திரும்ப கீழ இழுக்கும், இப்படியே போகும். அந்த ஆட்டத்தோட வேகத்துக்கு சூத்திரம் இது, `m` மாஸ், `k` ஸ்பிரிங்கோட விறைப்பு:

```
ωn = √(k/m) = √(16000/250) = 8 rad/s
fn = ωn / 2π = 1.27 Hz
```

ஒரு செகண்டுக்கு ஒண்ணேகால் ஆட்டம். பயணிகள் காருக்கு ஒண்ணுல இருந்து ஒண்ணரை ஹெர்ட்ஸ் வரைக்கும் வசதியா இருக்கும்னு டிசைன் பண்றவங்க வெச்சிருக்காங்க.

இங்க ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. புவியீர்ப்பு எங்க போச்சு? எடை ஸ்பிரிங்க ஏற்கனவே 153 மில்லிமீட்டர் அமுக்கி வெச்சிருக்கு, வண்டி அந்த எடத்துலதான் நிக்குது. நாம அந்த நிக்குற எடத்துல இருந்துதான் தூரத்த அளக்குறோம், அதனால எடையும் அந்த ஆரம்ப அமுக்கமும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுடுது. எடை வண்டி எந்த உயரத்துல நிக்கணும்னு சொல்லும், எப்படி ஆடணும்னு மாஸும் ஸ்பிரிங்கும்தான் சொல்லும்.

ஷாக்க மாட்டுவோம்

ஷாக் அப்சார்பர்னு பேரு வெச்சது பெரிய தப்புன்னு நான் நெனைக்கிறேன். அதிர்ச்சிய வாங்குறது ஸ்பிரிங்தான். ஷாக் செய்யுற வேலை ஆட்டத்த தணிக்கிறது மட்டும். அதோட விசை எடத்த பாக்காது, வேகத்த மட்டும்தான் பாக்கும். பாடி வேகமா நகந்தா அதிகமா எதுக்கும், மெதுவா நகந்தா லேசா எதுக்கும், நின்னுட்டா சும்மா இருக்கும். அதனாலதான் "புது ஷாக் போட்டா வண்டி ஒசந்துடும்"னு சொல்றது சாதாரண ஷாக்குல நடக்காது. உள்ள கேஸ் அழுத்தம் இருக்கறதுல லேசா தூக்கும், அவ்ளோதான். வண்டி தாழ்ந்திருக்குன்னா ஸ்பிரிங்க பாருங்க.

```
m·x'' + c·x' + k·x = 0
```

`x` வண்டி நிக்குற எடத்துல இருந்து பாடி நகந்த தூரம், `x'` அதோட வேகம், `x''` முடுக்கம். நடுவுல இருக்க `c` தான் ஷாக். ஒரு மீட்டர்/செகண்ட் வேகத்துல நகத்துனா எத்தன நியூட்டன் எதுக்கும்ங்கறது அதோட அர்த்தம். `c` 1200 இருந்தா, 0.3 மீட்டர்/செகண்ட் வேகத்துல அது 360 நியூட்டன் குடுக்கும்.

இப்போ கேள்வி, 1200ங்கறது அதிகமா கம்மியா? தனியா கேட்டா அதுக்கு பதிலே கெடையாது. பைக்குக்கு அது இறுக்கமா இருக்கும், லாரிக்கு அது இருக்கற மாதிரியே தெரியாது. அந்த மாஸுக்கும் அந்த ஸ்பிரிங்குக்கும் எவ்ளோ வேணும்ங்கறதோட ஒப்பிட்டாதான் நம்பருக்கு அர்த்தம் வரும். ஒப்பிடுறதுக்கு ஒரு எல்லைக்கோடு இருக்கு, பாடிய அமுக்கி விட்டா நடு எடத்த தாண்டாமலே வந்து அடங்குறதுக்கு கொறஞ்சபட்சம் எவ்ளோ `c` வேணும்ங்கறது. அத கிரிட்டிகல் டேம்பிங்னு சொல்றாங்க.

```
cc = 2·√(k·m) = 2·√(16000 × 250) = 4000 N·s/m
ζ  = c / cc  = 1200 / 4000 = 0.3
```

அந்த `ζ`, ஜீட்டான்னு படிக்கணும், அதுதான் டேம்பிங் ரேஷியோ. யூனிட் கெடையாது, வெறும் விகிதம். இத படிக்கும்போது ஒண்ண மனசுல ஏத்திக்கோங்க, கீழ எல்லா குழப்பமும் இதுலதான் தீரப்போகுது: ஷாக்குக்குன்னு தனியா டேம்பிங் ரேஷியோ கெடையாது. ஷாக்குக்கு `c` மட்டும்தான். ரேஷியோ மாஸ், ஸ்பிரிங், ஷாக் மூணும் சேந்த குடும்பத்தோட சொத்து.

அமுக்கி விட்டுப் பாப்போம்

பாடிய 50 மில்லிமீட்டர் கீழ அமுக்கி, ஆட்டாம கைய எடுத்துடுறோம். அந்த 50க்கே 800 நியூட்டன் வேணும், அதாவது ஒரு ஆள் முழு ஒடம்பையும் போட்டு சாயணும். பல ஜீட்டாவுக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க.

ஜீட்டா 0.1. பாடி மேல 36 மில்லிமீட்டர் தாண்டி எகிறும், ஒரு முழு ஆட்டம் முடிஞ்சு திரும்ப கீழ வரும்போது 27, அடுத்த ஆட்டத்துல 14, அப்புறம் ஏழரை, அப்புறம் நாலு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிட்டத்தட்ட பாதி. என் வண்டி ஸ்பீடு பிரேக்கர்ல பண்ணுனது இதேதான்.

ஜீட்டா 0.3. மேல 19 மில்லிமீட்டர்கிட்ட தாண்டும், ஒரு முழு ஆட்டத்துல 7க்கு வந்துடும், அடுத்ததுல ஒண்ணு. கண்ணுக்கு ஒரு தடவ மேல போய் லேசா இறங்கி நின்ன மாதிரி தெரியும். ஒரு முழு ஆட்டத்துக்கு 0.82 செகண்ட் ஆகும், ஷாக் இல்லாம இருந்தா 0.79, பாத்தீங்களா, வித்தியாசம் ரொம்ப கம்மி. ஷாக் ஆட்டத்தோட வேகத்த பெருசா மாத்தாது, அளவத்தான் தின்னும்.

ஜீட்டா 0.7. ரெண்டு மில்லிமீட்டருக்கு சொச்சம்தான் தாண்டும், கண்ணுக்கே தெரியாது. ஜீட்டா 1ல தாண்டவே தாண்டாது, அர செகண்டுல நடு எடத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர் பக்கத்துல வந்துடும். ஜீட்டா 2க்கு ஏத்துனா தாண்டாது, ஆனா அதே அர செகண்டுல இன்னும் 18 மில்லிமீட்டர் கீழயே கெடக்கும், தேன்ல ஊறுன மாதிரி மெதுவா ஏறி வரும்.

நம்பிக்கை இல்லனா நீங்களே ஓட்டிப் பாருங்க. `c` மதிப்ப மட்டும் 400, 1200, 4000, 8000னு மாத்தி மாத்தி:

```python
m, c, k = 250, 1200, 16000
x, v, dt = 0.05, 0.0, 0.001
for i in range(2001):
    if i % 100 == 0:
        print(round(i*dt, 1), round(x*1000, 1))
    a = -(c*v + k*x) / m
    v += a*dt
    x += v*dt
```

முதல் நெடுவரிசை செகண்ட், ரெண்டாவது மில்லிமீட்டர். `c` 1200க்கு 0.4 செகண்ட் வரியில மைனஸ் 18.5 பக்கம் வரும், அதுதான் நடுவ தாண்டி மறுபக்கம் போன அளவு. 0.8ல 7 பக்கம்.

ஆற்றல் கணக்குல பாத்தா இன்னும் நல்லா புரியும். 50 மில்லிமீட்டர் அமுக்குனப்போ ஸ்பிரிங்குக்குள்ள 20 ஜூல் போச்சு. ஜீட்டா 0.3ல ஒரு ஆட்டம் முடியும்போது மிச்சம் 0.4 ஜூல் கூட இல்ல. பாக்கி 19 ஜூலுக்கு மேல ஷாக்குக்குள்ள இருக்க எண்ணெய சூடாக்கிடுச்சு. மோசமான ரோட்டுல ரொம்ப நேரம் ஓட்டிட்டு வந்து ஷாக் பாடிய தொட்டுப் பாருங்க, தொடுறதுக்கு முன்னாடி கைய கிட்ட கொண்டுபோயி பாத்துக்கோங்க, சுடும்.

அப்போ ஏன் 1 வெக்கல? இங்கதான் விஷயமே இருக்கு

அமுக்கி விடுற சோதனைய மட்டும் பாத்தா 0.7, 1 தான் அழகு. கதவுல மாட்டுற குளோசருக்கு அதுதான் சரி. ஆனா கார் ஒரு எடத்துல நின்னு ஒருத்தர் அமுக்கி விடுறதுக்காக செஞ்சதில்ல, கீழ ரோடு ஓடிக்கிட்டே இருக்கு, ரோடுதான் சக்கரத்த மேல கீழ தள்ளுது. ஷாக்கோட ஒரு முனை பாடியில, இன்னொரு முனை சக்கரத்துல. அதனால ஷாக் பாடியோட ஆட்டத்த தடுக்குற அதே நேரத்துல சக்கரத்தோட ஆட்டத்த பாடிக்கு கொண்டுபோயி சேக்குது. எவ்ளோ இறுக்கமா இருக்கோ அவ்ளோ நல்ல தபால்காரன்.

ரெண்டு ரோடு எடுத்துக்கோங்க, ரெண்டுலயும் 60 கிலோமீட்டர் வேகம்.

முதல் ரோடு, நீளமான அலை மாதிரி ஏறி இறங்குது, ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 13 மீட்டர். பாலத்துக்கு ஏறுற எடத்துல மண்ணு உக்காந்து இப்படி ஆகும். அந்த வேகத்துல அது செகண்டுக்கு ஒண்ணேகால் தடவ தள்ளும், நம்ம மூலையோட சொந்த வேகமும் அதேதான். ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளுற மாதிரி. ரோடு 10 மில்லிமீட்டர் ஆடுனா, ஜீட்டா 0.1ல பாடி 51 மில்லிமீட்டர் ஆடும். 0.3ல 19. 1 வெச்சா 11. இங்க இறுக்கமான ஷாக்குதான் ஜெயிக்குது, சந்தேகமே இல்ல.

ரெண்டாவது ரோடு, 2.6 மீட்டருக்கு ஒரு மேடு, பேட்ச் வேலை பாத்த தார் ரோடு. இப்போ ரோடு நம்ம சொந்த வேகத்தவிட அஞ்சு மடங்கு வேகமா தள்ளுது. அதே 10 மில்லிமீட்டருக்கு, ஜீட்டா 0.1ல பாடிக்கு வர்றது 0.6 மில்லிமீட்டர். 0.3ல 1.3. 1 வெச்சா 3.9. கதை தலைகீழா மாறிடுச்சு, தேஞ்சுபோன ஷாக்குதான் இங்க மெத்து மெத்துன்னு போகுது. கிரிட்டிகல் வெச்ச வண்டி 0.3 வெச்சதவிட மூணு மடங்கு குலுக்குது.

திரும்புற எடம் எங்கன்னா சொந்த வேகத்தோட √2 மடங்கு, நம்ம வண்டிக்கு 1.8 ஹெர்ட்ஸ். அதுக்கு கீழ ஷாக் இறுக்க இறுக்க நல்லது, அதுக்கு மேல இறுக்க இறுக்க கெட்டது, சரியா அந்த எடத்துல எந்த ஷாக் போட்டாலும் பாடிக்கு வர்றது ரோடு குடுத்த அளவுதான். எனக்கு இந்த கிராஃப முதல் தடவ வரைஞ்சு பாத்தப்போ எல்லா கோடும் ஒரே புள்ளியில வெட்டிக்கிறது கணக்கு தப்பா போட்டுட்டேனோன்னு சந்தேகம் வந்துச்சு, திரும்ப போட்டும் அங்கயேதான் வெட்டுச்சு. அந்த கிராஃபோட சூத்திரம் இது, `TR`ங்கறது ரோடு ஆடுற அளவுல எத்தன மடங்கு பாடி ஆடுதுங்கறது, `f` ரோடு செகண்டுக்கு எத்தன தடவ தள்ளுதுங்கறது:

```
TR = √( (1 + (2ζr)²) / ((1 − r²)² + (2ζr)²) ),   r = f / fn
```

ஒரே வண்டி ரெண்டு ரோட்டுலயும் போகணும். அதனாலதான் குடும்ப கார்ல ஜீட்டா 0.2ல இருந்து 0.4க்குள்ள வந்து நிக்குது. ரேஸ் வண்டியில சக்கரம் ரோட்ட விட்டு எழும்பக்கூடாது, பாடி சாயக்கூடாது, முதுகு வலிக்கறத பத்தி யாருக்கும் கவலையில்ல, அங்க 0.7 வரைக்கும் கூட போவாங்க.

ஷாக்குக்குள்ள

ஒரு குழாய், உள்ள எண்ணெய், நடுவுல ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல ஓட்டைகள். பிஸ்டன் நகரணும்னா எண்ணெய் அந்த ஓட்டை வழியா அந்தப் பக்கம் போயாகணும், அதுல வர்ற எதுப்புதான் நம்ம விசை.

வெறும் ஓட்டை மட்டும் இருந்தா ஒரு சிக்கல். எண்ணெய் ஓட்டை வழியா பீச்சும்போது விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், வேகம் ரெண்டு மடங்குன்னா விசை நாலு மடங்கு. மெதுவா சாயும்போது ஷாக் இருக்கறதே தெரியாது, குழியில விழுந்தா இரும்புக் கம்பி மாதிரி ஆயிடும். நமக்கு வேணும்ங்கறதுக்கு நேர் எதுர். அதனால ஓட்டை மேல மெல்லிசான ஸ்டீல் வாஷர்கள அடுக்கி மூடி வெக்கிறாங்க, ஷிம்னு சொல்லுவாங்க. அழுத்தம் ஏற ஏற அந்த வாஷர் ஓரம் வளைஞ்சு வழிய பெருசாக்கும், அதனால விசை வர்க்கமா ஏறாம நேர்கோட்டுக்கு பக்கத்துல ஏறும், பல ஷாக்குல வேகம் கூடக்கூட ஏறுற வேகமே கொறையும். வாஷரோட தடிமன், விட்டம், எத்தன அடுக்கு, இதுலதான் ஷாக் டியூனிங் பண்றவங்க மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க. நாம `c`ன்னு ஒத்த நம்பரா எழுதுறது இந்த வளைவ ஒரு நேர்கோடா தட்டி வெச்சது, அத மறந்துடாதீங்க.

இன்னொண்ணு, அமுங்கும்போதும் விரியும்போதும் ஒரே எதுப்பு கெடையாது. நம்ம 1200ங்கறது சராசரின்னு வெச்சா, அமுங்குறப்போ 700, விரியுறப்போ 1700 மாதிரி பிரிப்பாங்க. மேட்டுல ஏறும்போது சக்கரம் வேகமா மேல வரும், அப்போ ஷாக் இறுக்கமா இருந்தா அந்த அடி நேரா பாடிக்கு போகும், அதனால அந்தப் பக்கம் தளர்வு. அடிய ஸ்பிரிங் வாங்கி வெச்சுக்கிட்டு, திருப்பிக் குடுக்கும்போது ஷாக் பிடிச்சு மெதுவா விடுது. ஆனா இதையும் அளவுக்கு மீறி இறுக்குனா வேற தொல்லை: அடுத்தடுத்து மேடு வர்ற ரோட்டுல சக்கரம் முழுசா கீழ இறங்கறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும், வண்டி கொஞ்சம் கொஞ்சமா தாழ்ந்துக்கிட்டே போகும், கடைசியில ரப்பர் ஸ்டாப்பர்ல போயி டொக்குன்னு முட்டும்.

ஷாக்க தொடாமலே ஜீட்டா மாறும்

சூத்திரத்த திரும்பப் பாருங்க, கீழ `√(k·m)` இருக்கு. குடும்பத்தோட சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு ஊருக்கு கெளம்புறீங்க, அந்த மூலையில 250 கிலோ 360 ஆயிடுச்சு. கிரிட்டிகல் மதிப்பு 4000ல இருந்து 4800 ஆயிடும், ஷாக் அதே 1200, ஜீட்டா 0.25. லோடு ஏத்துனா வண்டி படகு மாதிரி ஆடுதுன்னு சொல்றது இதுதான், ஷாக்குல ஒரு கோளாறும் இல்ல.

வண்டிய தாழ்த்துறேன்னு கட்டியான ஸ்பிரிங் மட்டும் வாங்கி மாட்டுறவங்க இருக்காங்க. `k` 16000ல இருந்து 25000 ஆனா கிரிட்டிகல் 5000, ஜீட்டா 0.24. "கட்டியான ஸ்பிரிங் போட்டும் துள்ளுதே"ன்னு கேப்பாங்க. கட்டியா போட்டதாலதான் துள்ளுது, ஷாக்கையும் அதுக்கேத்த மாதிரி 1500க்கு ஏத்துனாதான் பழைய 0.3 கெடைக்கும்.

போன வெச்சு அளக்குறது

phyphox அப்படின்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆஹன் நகரத்து பல்கலைக்கழகத்துல செஞ்சது. அதுல g இல்லாத ஆக்சலரேஷன் அளவீட்ட திறங்க. போன முன் மூலைக்கு பக்கத்துல, பானெட்ட திறந்து ஷாக்கோட மேல்முனை பாடியில மாட்டியிருக்க எடத்துக்கிட்ட தட்டையா வெச்சு டேப் போட்டு ஒட்டுங்க. சும்மா வெச்சா போன் தனியா குதிக்கும். எஞ்சின் ஆஃப், சமதரை, கியர் நியூட்ரல், பின் சக்கரத்துக்கு கட்டை, ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துல இருந்தா போட்டுக்கலாம்.

மூலைய தாளத்தோட ரெண்டு மூணு தடவ அமுக்கி ஆட்டத்த ஏத்துங்க, கீழ இருக்கும்போது கைய சட்டுன்னு எடுத்துடுங்க. கை வண்டியில ஒட்டியிருந்தா நீங்களும் ஒரு ஷாக்தான். கைய எடுத்த அந்த முதல் உச்சிய விட்டுடுங்க, அதுல ஒங்க கையோட குழப்பம் இருக்கும். அதுக்கப்புறம் வர்ற உச்சிகள எழுதிக்கோங்க.

என் வண்டியில வந்தது 2.4, 1.3, 0.7, அப்புறம் 0.3. ஒரு உச்சிக்கும் அடுத்ததுக்கும் 0.79 செகண்ட். 2.4ஐ 1.3ஆல வகுத்தா 1.85, 1.3ஐ 0.7ஆல வகுத்தாலும் 1.86. விகிதம் மாறாம வர்றது நல்ல அறிகுறி, எண்ணெயோட எதுப்பு அப்படித்தான் இருக்கும். கடைசி 0.3 மட்டும் வேகமா விழுந்துடுச்சு, அது சீல், மூட்டுகள்ல இருக்க புஷ் இதுங்களோட காஞ்ச உராய்வு, சின்ன ஆட்டத்த அது பிடிச்சு நிறுத்திடும். அதனால பெரிய உச்சிகள மட்டும் கணக்குல எடுங்க. உச்சிகள் விகிதத்துல கொறையாம ஒரே அளவு கழிச்சு கழிச்சு கொறஞ்சா, அங்க வேலை செய்யுறது எண்ணெய் இல்ல, உராய்வு. கீழ வர்ற `δ`தான் ஆரம்பத்துல சொன்ன லாகரித்மிக் டிக்ரிமென்ட், அடுத்தடுத்த ரெண்டு உச்சியோட விகிதத்துக்கு எடுக்குற இயற்கை லாகரிதம், அதாவது `ln`:

```
δ = ln(2.4/1.3) = 0.61
ζ = δ / √(4π² + δ²) = 0.61 / 6.31 ≈ 0.10
```

0.1. மெக்கானிக் அண்ணன் உள்ளங்கையால கண்டுபிடிச்சது.

மாத்துனதுக்கு அப்புறம் அளக்கப் போனா ஒரு பிரச்சனை, நல்ல ஷாக்குல ரெண்டாவது உச்சியே ஒழுங்கா கெடைக்காது. அப்போ முழு ஆட்டத்துக்கு பதிலா அர ஆட்டத்த எடுங்க, மேல் உச்சியும் அடுத்த கீழ் உச்சியும். எனக்கு மேல 2.2, கீழ 0.8. வகுத்தா 2.75, அதோட ln 1.01. அர ஆட்டங்கறதால 4π²க்கு பதிலா π²:

```
ζ = 1.01 / √(π² + 1.01²) = 1.01 / 3.30 ≈ 0.31
```

இந்த அர ஆட்டம் ஷாக்கோட ஒரு திசைய மட்டும்தான் பாக்குது, அமுங்குறதோ விரியுறதோ, அதனால அடுத்த அர ஆட்டத்துல நம்பர் மாறுனா பயப்படாதீங்க, முன்னாடி சொன்ன 700–1700 விஷயம்தான்.

இந்த கணக்கு எங்க பொய் சொல்லும்

கையால அமுக்குறது மெதுவான வேகம். வாஷர் வளைஞ்சு ஒடஞ்சு போயி வேகமான அடிக்கு மட்டும் பிடிக்காத ஷாக் இந்த சோதனையில பாஸ் ஆயிடும். அதே மாதிரி, துருப்பிடிச்ச புஷ் இறுக்கமா இருக்க வண்டியில செத்துப்போன ஷாக்கு கூட உராய்வால நின்னு ஏமாத்தும். அதனால ஷாக் மேல எண்ணெய் கசிஞ்சு அதுல தூசி ஒட்டி கருப்பா பிசுபிசுன்னு இருக்கான்னு பாருங்க. டயர கையால சுத்தி தடவுங்க, வட்டத்துல எடத்துக்கு எடம் பள்ளம் பள்ளமா தேஞ்சிருந்தா சக்கரம் ரோட்ட விட்டு குதிச்சு குதிச்சு ஓடியிருக்கு.

அந்த குதிப்பு நம்ம ஒத்த மாஸ் மாடலுக்குள்ள இல்லவே இல்ல. சக்கரத்துக்கும் எடை இருக்கு, டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அது தனியா செகண்டுக்கு பத்து பன்னெண்டு தடவ ஆடும். தேஞ்ச ஷாக் பேட்ச் ரோட்டுல மெத்துன்னு போகுதுன்னு மேல கணக்கு சொல்லுச்சுல்ல, அந்த சொகுசுல உக்காந்திருக்கும்போது கீழ டயர் ரோட்ட தொட்டும் தொடாமலும் ஓடிக்கிட்டு இருக்கலாம், பிரேக் அடிக்கும்போதுதான் தெரியும். அதுக்கு ரெண்டு மாஸ் மாடல் போடணும். அப்புறம் ஒரு மூலைய அமுக்குனா முழு வண்டியும் முன்பின்னா, பக்கவாட்டுல சேந்து ஆடும், அதனால போன் காட்டுற நம்பர ரெண்டாவது தசமம் வரைக்கும் நம்பாதீங்க, 0.1ஆ 0.3ஆன்னு பிரிச்சு சொல்ல அது போதும்.

சூடும் கணக்குல இல்ல. ரொம்ப நேரம் அடி வாங்குனா எண்ணெய் சூடாகி இளகும், காத்தோட கலந்து நொரை வரும், நொரை ஓட்டை வழியா சுளுவா ஓடிடும், `c` விழுந்துடும். கேஸ் ஷாக்குல நைட்ரஜன அழுத்தி அடைக்கிறது இந்த நொரை வராம இருக்கத்தான், பேர பாத்துட்டு கேஸ்தான் வண்டிய தாங்குதுன்னு நெனைக்காதீங்க.

கடைசியா மாட்டும்போது நான் பண்ணுன தப்பு. ரெட்டைக் குழாய் ஷாக் கடையில படுக்க வெச்சு வெச்சு, வெளிக்குழாய்ல இருக்க காத்து உள்குழாய்க்குள்ள போயிருக்கும். நான் பெட்டியில இருந்து எடுத்து அப்படியே மாட்ட குடுத்தேன், அண்ணன் வாங்கி, மாட்டுற மாதிரியே நிமித்தி பிடிச்சு, தடிய முழுசா மெதுவா இழுத்து மெதுவா அமுக்குனாரு. முதல் ரெண்டு தடவ நடுவுல ஒரு எடத்துல பொசுக்குன்னு எதுப்பே இல்லாம போச்சு, அது காத்து. அஞ்சாறு தடவைக்கு அப்புறம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி பிடிச்சுச்சு. அப்புறம்தான் மாட்டுனாரு, ஒரு பக்கத்த மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் சேத்து.